மழை விட்டும் படம் வரவில்லை: டிஷ் கனெக்டருக்கு டேப் சுற்றுவதா, பூட் போடுவதா?

பாலக்கோடு மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டிஷ் இருக்கிறது. சாயங்காலம் மழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து போய்விடும். அது ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், அதைப் பற்றிக் கேட்கவில்லை. மழை விட்டு, பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் எங்கள் டிவியில் சிக்னல் இல்லை என்றே நிற்கிறது. மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறி, பத்தரை பதினொன்றுக்கு மேல் தானாக வருகிறது. பக்கத்து வீட்டிலும் அதே கம்பெனி, அதே அளவு டிஷ்.

சர்வீஸுக்குச் சொன்னால் வெயில் நாளில்தான் ஆள் வருகிறார். பாக்ஸில் சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, ஒன்றும் கோளாறு இல்லை என்கிறார். போகிற போக்கில், டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னல் வாங்கும் எல்என்பியை மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மேலே ஏறிப் பார்த்தேன். எல்என்பிக்குக் கீழே கனெக்டரில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது, பாதி பிரிந்து தொங்குகிறது. தண்ணீர்த் தொட்டி பக்கம் கேபிளில் ஒரு ஜாயின்ட் உண்டு, அதற்கும் அதே டேப். இதற்கு நல்ல டேப் வாங்கிச் சுற்றினால் போதுமா, இல்லை கனெக்டரை மூடி மாட்டும் ரப்பர் பூட் போட வேண்டுமா?

பென்னாகரம் தம்பி

அண்ணா, இது மழையில் சிக்னல் குறைகிற விஷயம்தான். கேயு பேண்ட் அலைவரிசை 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருகிறது, மழைத்துளி அதை விழுங்கிவிடும். உங்கள் டிஷ் லேசாக நகர்ந்திருக்கும். வெயிலில் சமாளித்துக்கொள்ளும், மேகம் போட்டால் போய்விடும். பெரிய டிஷ் போட்டு சரியாகத் திருப்பினால் தீர்ந்தது.

கனெக்டரில் தண்ணீர் போகிறது என்று சந்தேகம் இருந்தால் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை மரையில் நான்கு சுற்று சுற்றி முடுக்குங்கள். தண்ணீர்க் குழாயையே அடைக்கிறது, இதை அடைக்காதா?

ஊத்தங்கரை டிஷ்காரர்

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. மழை அலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது வானத்தில் இருக்கிற மழை. மேகம் நகர்ந்தால் சில நிமிடத்தில் சிக்னல் திரும்பிவிடும், பக்கத்து வீட்டில் வருகிறதே அது போல. டிஷ் நகர்ந்திருந்தாலும் மேகம் கலைந்த பிறகு, ராத்திரியே வந்திருக்க வேண்டும். இவர் வீட்டில் மழை நின்ற பிறகும் விடிய விடிய இல்லை, வெயில் பட்டால்தான் வருகிறது. அப்படியென்றால் நனைந்த ஏதோ ஒன்று காய்கிறது. ஆள் வரும்போது கோடு முழுதாக இருப்பதும் அதனால்தான். பத்துக்கு ஒன்பது வீட்டில் அது கனெக்டர்தான்.

டெஃப்ளான் டேப் வேண்டவே வேண்டாம். குழாயில் தண்ணீர் மரை வழியாக வெளியே வரப் பார்க்கும், அதனால் மரையை அடைத்தால் போதும். எஃப் கனெக்டரில் அப்படி இல்லை. கையில் எடுத்துப் பாருங்கள், நட்டு தனியாகச் சுழலும், அதற்குப் பின்னால் கேபிளைப் பிடித்திருக்கும் பகுதி தனி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். தண்ணீர் அதிகம் நுழைவது அங்கேதான். இன்னொரு வழி, கேபிள் மேலுறை கனெக்டருக்குள் நுழைகிற இடம். மரை மூன்றாவதுதான். போதாக்குறைக்கு அந்த மரை வழியாகத்தான் கேபிளின் வெளிப்பின்னல் எல்என்பி உடம்போடு தொடர்பு கொள்கிறது. அங்கே டெஃப்ளானைச் சுற்றினால் தொடர்பைத்தான் கெடுப்பீர்கள்.

பாலக்கோடு சார், ஒன்று சொல்லுங்கள். மழை நேரத்தில் எல்லா சேனலும் ஒரே சமயத்தில் போகிறதா, சிலது முதலிலேயே போய்விடுகிறதா?

பாலக்கோடு மாடிவீடு

நீங்கள் கேட்ட பிறகுதான் வீட்டில் விசாரித்தேன். அம்மா சரியாகச் சொல்கிறார்கள். முதலில் சில சேனல்கள் மட்டும் போகும், மற்றது கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் எல்லாமே போய்விடும்.

பென்னாகரம் தம்பி

சில சேனல் மட்டும் போனால் அது எல்என்பி கோளாறு. எங்கள் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் இருந்தது, எல்என்பி மாற்றியதும் சரியானது.

ஊத்தங்கரை டிஷ்காரர்

எல்என்பியாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சித்தப்பா வீட்டில் எல்என்பி மாற்றியபோது கனெக்டரைக் கழற்றித் திரும்ப மாட்டியிருப்பார்கள், அநேகமாக நுனியை வெட்டிப் புதிதும் போட்டிருப்பார்கள். எது சரிசெய்தது என்று எப்படிச் சொல்வது?

ஈரக் கனெக்டரும் இதே வேலையைச் செய்யும். செட்டாப் பாக்ஸ் அதே கேபிளில்தான் எல்என்பிக்குக் கரண்ட் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பக்கத்துச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் மறுபக்கத்துச் சேனல்கள். கனெக்டரில் தண்ணீரும் பச்சைப் பொடியும் சேர்ந்தால் அந்த 18 எல்என்பிக்குப் போய்ச் சேர்வதற்குள் சரிந்துவிடும். 15க்குக் கீழே சரிந்தால் எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துச் சேனல்கள் போய்விடும். அதோடு, கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் இறங்குகிறது. ஈரம் ஏறினால் மேல்கோடியில் இருப்பதுதான் முதலில் அடிபடும். எந்தச் சேனல் எங்கே இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கரண்ட் ஓடுவதில் இன்னொரு கேடு. நடுக்கம்பியில் பாசிட்டிவ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுற்றிலும் உலோகம். மழை நாளெல்லாம் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் விற்கிற கேபிளில் பெரும்பாலும் நடுக்கம்பி இரும்பு, மேலே செம்புப் பூச்சுதான். பூச்சு போனால் இரும்பு துருப்பிடிக்கும். அதன் பிறகு வெயில் காய்ந்தாலும் சிக்னல் திரும்பாது. உங்களுக்கு இன்னும் காலையில் வருகிறது என்பதால் நேரம் இருக்கிறது.

காரிமங்கலம் அக்கா

எங்களுடையது எலக்ட்ரிக்கல் ஹார்டுவேர் கடை. டிஷ்ஷுக்கு டேப் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கருப்பு இன்சுலேஷன் டேப்தான் வாங்கிப் போவார்கள். சொன்னால் கேட்பதில்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் அதன் பசை உருகி வழிந்துவிடும், டேப் நுனி எழும்பிக் காற்றில் ஆடும். தொட்டால் கையெல்லாம் கருப்புப் பிசுக்கு. அப்புறம் அது தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போனதைக் காயவும் விடாது.

இதற்கென்று இருப்பது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். பசையே இருக்காது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், உரித்துக்கொண்டே இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் ஜாயின்ட் போடும் கரண்ட்காரர்கள் கேட்பார்கள், அவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும். சிலிக்கான் டேப் என்று ஒன்றும் வருகிறது, அதுவும் இதே மாதிரி தன்மேல் தானே ஒட்டும். வெயிலை அதிகம் தாங்குவது சிலிக்கான்தான் என்பது என் அனுபவம்.

ஒரு எச்சரிக்கை. பாத்ரூம் மூலைக்கு அடைக்கும் சிலிக்கான் ட்யூபைக் கொண்டுவந்து கனெக்டரில் பிதுக்காதீர்கள். திறந்தால் வினிகர் மாதிரி புளிப்பு வாடை வருவது அதன் ஆசிட். செம்பை அரித்துவிடும்.

ஓசூர் பிளாட் 3ஏ

நானும் இதே பிரச்சினையில் இருக்கிறேன். எங்களுக்கு மழை வந்தால் இன்டர்நெட் டிவி இரண்டும் நிற்கிறது. கம்பத்தில் இருந்து வரும் பைபர் வயர்தான். அதற்கும் இந்த ரப்பர் டேப் சுற்றலாமா? எங்கள் பெட்டி பால்கனியில் வெளியே இருக்கிறது.

ஊத்தங்கரை டிஷ்காரர்

சார், பைபர் கண்ணாடி நூல், அதில் ஒளி போகிறது, கரண்ட் போகாது. ஈரம் இந்த மாதிரி கெடுக்காது. மழையில் உங்கள் பக்கம் கரண்ட் போகிறதா, கம்பத்துப் பெட்டிக்கு பவர் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பேசுவது உங்களுக்கு உதவாது, தனிப் பதிவாகக் கேளுங்கள்.

பாலக்கோடு சாருக்கு வருகிறேன். டேப்பா பூட்டா என்பதற்கு முன்னால் ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மல்டிமீட்டர் உண்டா? மழை பெய்த மறுநாள் காலை, படம் வருவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பாக்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, கேபிளில் வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். கழற்றும்போது நடுக்கம்பி நட்டில் உரசினால் பாக்ஸுக்குக் கேடு. அப்புறம் பாக்ஸ் பக்கமும் எல்என்பி பக்கமும் கேபிளைக் கழற்றி, ஒரு முனையில் நடுக்கம்பிக்கும் வெளி நட்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள், பெரிய ரேஞ்சில், 2 மெகா ஓம் வைத்து. காய்ந்த கேபிளில் ஒன்றுமே காட்டக் கூடாது. எண் வந்து, அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கினால் உள்ளே தண்ணீர். அளக்கும்போது மீட்டர் முனைகளின் உலோகத்தைக் கையால் தொடாதீர்கள், உடம்பும் ஓம்ஸ் காட்டும்.

பிறகு நடுவில் இருக்கும் ஜாயின்டைப் பிரித்து மேல்பாதியைத் தனியாக, கீழ்ப்பாதியைத் தனியாகப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை பனி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் மழையே இல்லாமல் பனி இறங்கும் காலையில் இதே தொல்லை. எட்டு எட்டரை வரை படம் வராது. கனெக்டரைப் புதிதாகப் போட்டு, பூட்டும் மாட்டியாகிவிட்டது. மாறவில்லை. என்ன பார்க்கலாம்?

ஊத்தங்கரை டிஷ்காரர்

எல்என்பியின் முகத்தில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை உற்றுப் பாருங்கள். வெயிலில் மெல்லிய விரிசல் விட்டிருக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. அதன் வழியே ஈரம் குழலுக்குள் போய் உட்காரும். அப்படியென்றால் எல்என்பியே மாற்ற வேண்டியதுதான், கனெக்டர் பாவம்.

பாலக்கோடு மாடிவீடு

நேற்று நல்ல மழை. இன்று காலை சொன்னபடி பார்த்தேன், விவரமாக எழுதுகிறேன்.

மொத்தக் கேபிளும் இருபது மீட்டருக்கு மேல் இருக்கும். இரு முனையும் கழற்றி அளந்ததில் 38 கிலோ ஓம் காட்டியது, பிறகு 50, திரும்ப 40 என்று தாவிக்கொண்டே இருந்தது. ஜாயின்டைப் பிரித்தேன். டேப்பை உரித்ததும் உள்ளிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஜாயின்டர் உள்பக்கம் பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. அது கீழே சுவரோடு சாய்ந்து நின்றபடி இருந்ததால் மேல் முனையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

ஜாயின்டிலிருந்து வீட்டுக்குள் வரும் பாதியில் மீட்டர் எதுவும் காட்டவில்லை. எல்என்பிக்குப் போகும் பாதியில் 45 கிலோ ஓம். எல்என்பி முனையில் இருந்தது முறுக்கி ஏற்றும் வகைக் கனெக்டர், கையால் இழுத்தாலே வந்துவிட்டது. நடுக்கம்பியைச் சுற்றிப் பச்சைப் பொடி. கேபிளை நுனியில் அரை அடி வெட்டினேன், உரித்துப் பார்த்தால் வெள்ளையாக மின்ன வேண்டிய பின்னல் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு அடி வெட்டிய பிறகுதான் பளபளப்பான பின்னல் வந்தது. இப்போது அளந்தால் ஒன்றும் காட்டவில்லை.

இதுவரை சரி. இனி டேப்பா பூட்டா?

ஊத்தங்கரை டிஷ்காரர்

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள். பின்னல் கம்பிகள் மெல்லியவை, நெருக்கமானவை, தண்ணீரை அதன் போக்கில் உறிஞ்சிக்கொண்டு போகும். அதனால்தான் நுனியில் மட்டும் புதுக் கனெக்டர் மாற்றுகிறவர்களுக்கு அடுத்த மழையிலேயே திரும்ப வருகிறது. பளபளப்பு வரும் வரை வெட்ட வேண்டும். சில வீடுகளில் பாக்ஸ் பின்புறத்தில் தண்ணீர் சொட்டி நான் பார்த்திருக்கிறேன், கேபிள் வழியாகவே இறங்கி வந்தது.

முதலில் கனெக்டர். முறுக்கி ஏற்றுவதைத் தூக்கிப் போடுங்கள். மேலுறையை அது இறுக்கிப் பிடிப்பதில்லை. கம்ப்ரெஷன் வகை வாங்குங்கள், அதை அழுத்த ஒரு கருவி தேவை. ஊரில் டிஷ் மாட்டுகிற யாரிடமாவது இருக்கும், இரண்டு கனெக்டர் அழுத்தித் தரச் சொன்னால் தருவார்கள். நுனியில் நடுக்கம்பி ஆறு மில்லிமீட்டர் அளவு வெளியே தெரியட்டும், அதற்குப் பின்னால் அதே அளவு பின்னலை மேலுறை மேல் மடித்துவிடுங்கள். வெள்ளை நுரை கனெக்டரின் உள் அடித்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். ஒரு பின்னல் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. அழுத்தி முடித்தால் நட்டு விளிம்பைத் தாண்டி நடுக்கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்என்பியில் கையால் முடுக்கி, அதன் பிறகு 11 நம்பர் ஸ்பேனரால் கால் சுற்றுக்குள்ளாகவே நிறுத்துங்கள். பலம் காட்டினால் எல்என்பி மரை சுழன்று போகும்.

இப்போது உங்கள் கேள்வி. எல்என்பி பக்கம் டேப் என்பது என் கருத்து. காரணம், நம் ஊரில் சேட்டிலைட்டுக்கு ஏற்ப எல்என்பியைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் கனெக்டர் நேராகக் கீழே பார்க்கும். மாடியில் அது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். பூட் கீழே பார்த்தால் குடை, சாய்ந்தால் தண்ணீர் ஒரு ஓரமாக உள்ளே வழியும்.

காரிமங்கலம் அக்கா

பூட்டை அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் அண்ணா. நட்டு முழுவதையும் மூடி எல்என்பி உடம்பில் அழுந்தி உட்காரும் பூட்டாக இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. போடுவதும் சுலபம், ஏணியில் நின்றுகொண்டு டேப் சுற்றுவதைவிடப் பாதுகாப்பு. டேப்பை அவசரத்தில் சுற்றுகிறவர்கள்தான் அதிகம்.

ஊத்தங்கரை டிஷ்காரர்

ஒத்துக்கொள்கிறேன் அக்கா, நன்றாகப் பொருந்தினால். பொருந்துவதுதான் கஷ்டம். எல்என்பியில் மரை நீட்டியிருக்கும் நீளம் மாடலுக்கு மாடல் மாறும், நீளம் ஒத்துவராவிட்டால் பூட்டின் வாய்க்கும் எல்என்பிக்கும் நடுவே இடைவெளி நிற்கும். அடுத்து, ஆர்ஜி-6 என்று எழுதி விற்கிற சில கேபிள் மெல்லியதாக வருகிறது. பூட்டின் கழுத்து அதைப் பிடிக்காது. கொஞ்ச நாளில் பூட் சறுக்கி இறங்கிக் கேபிளில் தொங்கும். இரண்டு மூன்று கோடை பார்த்தால் மலிவு ரப்பர் வெடித்துப் போகும்.

பூட் போடுவதென்றால் கனெக்டர் அழுத்துவதற்கு முன்னாலேயே கேபிளில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், நடுக்கம்பி முனையில் வேண்டாம். வேசலின் தடவுகிறவர்கள் உண்டு. அது வெயிலில் உருகி இறங்கிவிடும், ரப்பரையும் ஊதவைத்துக் கெடுக்கும்.

உங்கள் தொட்டிப் பக்க ஜாயின்டுக்குப் பூட் கூடவே கூடாது. ஜாயின்ட் செங்குத்தாக நின்றால் மேல்பக்கத்துப் பூட் வாய் திறந்த டம்ளர் மாதிரி தண்ணீர் பிடித்து வைக்கும்.

பென்னாகரம் தம்பி

அதற்கு எம்-சீல் வைத்து மொத்தமாக மூடிவிட்டால் என்ன அண்ணா? கல் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் போகவே போகாது.

ஊத்தங்கரை டிஷ்காரர்

மூடலாம். அப்புறம் அதைக் கழற்ற எல்என்பியை உடைக்க வேண்டும். வெயிலில் கேபிள் நீளும், ராத்திரியில் சுருங்கும், கல்லாக இருப்பது அதோடு வளையாது, ஓரத்தில் முடி அளவு விரிசல் விடும். முடி அளவு போதும்.

நம் பக்கம் மழை எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் கொளுத்தும், கனெக்டருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியேறும். நாலு ஐந்து மணிக்கு இடியோடு மழை கொட்டும், உலோகம் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கி வெளியில் நிற்கும் தண்ணீரை இழுக்கும். சின்ன இடைவெளி இருந்தாலும் அது வெறுமனே கசிவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால்தான் மாங்காய் மழை காலத்தில் எனக்கு வருகிற புகாரில் பாதி கனெக்டர் புகார்.

சுற்றும் விதம் சொல்கிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல வெயிலில், மதியம் போல, கேபிளும் எல்என்பி மரையும் காய்ந்திருக்கும்போது சுற்றுங்கள். ஈரத்தோடு மூடினால் அதையும் சேர்த்து அடைத்து வைத்தது போலத்தான். டேப் படப்போகும் இடத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பழைய டேப்பின் பிசுக்கு இருந்தால் புது ரப்பர் ஒட்டாது.

கீழே, கனெக்டருக்கு இரண்டு அங்குலம் தள்ளி, கேபிளில் ஆரம்பியுங்கள். டேப்பின் அகலம் முக்கால் பாகமாகக் குறையும் அளவுக்கு இழுத்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி மேலே ஏறுங்கள். கீழிருந்து மேலே ஏன் என்றால், மேல் சுற்று கீழ் சுற்றின் மேல் படியும், ஓடு வேய்வது போல. வழிகிற தண்ணீர் மடிப்புக்குள் நுழையாது. நட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் இடைவெளி, மரை எல்லாவற்றையும் மூடி எல்என்பியின் கழுத்தில் போய் முடியுங்கள். கடைசிச் சுற்றை இழுக்காமல் வைத்து விரலால் நன்றாக அழுத்துங்கள். இழுத்தபடியே விட்டால் நுனி பின்வாங்கி எழும்பும்.

எல்என்பியின் அடியில் ஈரம் வெளியேற ஒரு சின்னத் துளை சில மாடல்களில் இருக்கும். அதை மூடிவிடாதீர்கள்.

கருப்பு ரப்பர் டேப் என்றால் அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு, வெயில் படாமல் இருக்க. அக்கா சொன்ன கருப்பு டேப்புக்கு இங்கேதான் வேலை. சிலிக்கான் டேப் என்றால் மேலே எதுவும் தேவையில்லை.

காரிமங்கலம் அக்கா

சிலிக்கானே நேரடியாகப் போடலாமே. மேலடுக்கு வேலை மிச்சம்.

ஊத்தங்கரை டிஷ்காரர்

போடலாம். எனக்கு ரப்பர்தான் பழக்கம். சிலிக்கான் தன்மேல் ஒட்டுகிற மாதிரி கேபிள் மேலுறையில் ஒட்டாது, அடிப்பக்கம் இறுக்கத்தில்தான் நிற்கிறது. மெல்லிய கேபிளில் சுற்றியதை முழு உறையாகக் கீழே நகர்த்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது போல வெயில் தாங்குவதில் அதுதான் மேல். கொஞ்சம் அதிக நீளம் சுற்றி, நன்றாக இழுத்துச் சுற்றினால் நிற்கும். எது சிறந்தது என்று நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம்.

பாலக்கோடு மாடிவீடு

ஜாயின்டை என்ன செய்ய? மேலே ஒன்றரை அடி வெட்டியதில் எல்என்பி பக்கம் கேபிள் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது.

ஊத்தங்கரை டிஷ்காரர்

ஜாயின்டே இல்லாமல் ஒரே கேபிளாக இழுப்பதுதான் சரி. இப்போது செலவு வேண்டாம் என்றால் மேல்பாதியை மட்டும் புதிதாக நீளம் கூட்டிப் போட்டு, ஜாயின்டை சன்ஷேடுக்கு அடியிலோ மாடிப்படி அறைக்குள்ளோ கொண்டுபோய்விடுங்கள். புது ஜாயின்டர் போடுங்கள், பழசைத் தேய்த்துப் பயன்படுத்தாதீர்கள். வெளியிலேயே வைத்தாக வேண்டும் என்றால் தரையில் கிடக்காமல் சுவரில் படுக்கை வாட்டில் கட்டி, இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் சேர்த்து முழுவதும் டேப்.

இழுத்துப் பிடித்த கேபிள் வேண்டாம். எல்என்பியிலிருந்து இறங்கும் இடத்தில் கனெக்டரைவிடத் தாழ்வாக ஒரு தொய்வு இருக்க வேண்டும், தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிவிடும். சுவரில் துளை வழியாக நுழைகிற இடத்திலும் அப்படியே. துளை வெளிப்பக்கம் சரிந்திருப்பது நல்லது.

தேன்கனிக்கோட்டை பனி

அண்ணா, மூடியைப் பார்த்துவிட்டேன். கையால் தடவியும் பார்த்தேன். விரிசல் எதுவும் தெரியவில்லை.

ஊத்தங்கரை டிஷ்காரர்

அப்படியென்றால் நீங்களும் மீட்டரை எடுங்கள். பனி இறங்கிய காலையில் இரு முனையும் கழற்றி அளங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் கேபிள் நல்லது, டிஷ்ஷையும் எல்என்பி முகத்தையும் துணியால் துடைத்து உடனே படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பனிநீர் படிவதுதான் காரணம், டிஷ் திருப்பம் சரியாக இல்லாமல் குறைந்த சிக்னலில் ஓடிக்கொண்டிருக்கும். அது பென்னாகரம் தம்பி முதலில் சொன்ன கதை.

பென்னாகரம் தம்பி

பார்த்தீர்களா, நான் சொன்னது யாருக்காவது பொருந்திவிட்டது.

பாலக்கோடு மாடிவீடு

வேலை முடிந்தது. மேல்பாதி புதுக் கேபிள், இரண்டு கம்ப்ரெஷன் கனெக்டர், எல்என்பி பக்கம் ரப்பர் டேப், மேலே ஒரு அடுக்குக் கருப்பு டேப். ஜாயின்ட் மாடிப்படி அறைக்குள் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் இடியோடு கொட்டியதில் படம் போனது. மழை தணிந்ததும் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்ட அதே நேரத்தில் எங்களுக்கும் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 18 வோல்ட் பக்கத்துச் சேனல்களில் சிக்னல் கோடு மற்றதைவிட இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கிறது, வெயிலிலும். கீழ்ப்பாதி பழைய கேபிள் காரணமாக இருக்குமா?

ஊத்தங்கரை டிஷ்காரர்

இருக்கலாம். எல்என்பி திருப்பம் கொஞ்சம் விலகியிருந்தாலும் ஒரு பக்கம் குறையும். கேபிள்தானா என்று பார்க்க, நீளம் குறைந்த நல்ல கேபிள் ஒன்றை எடுத்து, பாக்ஸையும் டிவியையும் மாடிப்படி அறைக்கே தூக்கிப்போய் நேராக மாட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் சமமாக நின்றால் கீழ்ப்பாதியை மாற்றுங்கள். அங்கேயும் குறைந்தால் கேபிளைத் தொடாதீர்கள், எல்என்பியைத் திருப்ப ஆளைக் கூப்பிடுங்கள். திருப்புகிறவர் டேப்பைக் கிழித்தால் திரும்பச் சுற்றாமல் விடமாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.